முள்ளுக் கத்திரிக்காயும் மூன்று ரூபாயும்

கஸ்தூரியின் தம்பி வேணு மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் ட்யூட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலையில் கிளம்பி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று போய்ப் பத்து மணிக்குச் சைதாப்பேட்டையைத் தாண்டி பாரீஸ் கார்னர் சேருவான். ராத்திரி ஊர் திரும்புவான். மறுநாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வு நாளில் வீட்டில் படுத்துத் தூங்கினால் ஊருக்கே நல்லது என்பது கஸ்தூரியின் அபிப்பிராயம். அவன் தூங்க மாட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் அக்காவின் தோட்டத்துக்கு வந்துவிடுவான்.

அன்றைக்கு வந்தபோது கத்திரிக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம். அரை ஏக்கர் முள்ளுக் கத்திரி, நல்ல காய்ப்பு. வியாபாரி ராஜமாணிக்கம் சாக்கும் தராசுமாக மாட்டுவண்டியோடு வந்திருந்தார். இருபது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்துக்கே வந்து காய் எடுக்கிறவர். கிலோ அறுபது பைசா.

வேணு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா வெலக்கா போட்டார்?"

"அறுவது."

"அறுவது பைசாவா? நேத்து சைதாப்பேட்டைல இதே காய் கிலோ மூணு ரூபா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கஸ்தூரி பல்லைக் கடித்தாள். எடை போடும்போது வியாபாரி முன்னால் இப்படிப் பேசினால், அடுத்த முறை அவர் வண்டி இந்தப் பக்கம் திரும்புமா என்று யோசிக்கிற புத்தி இவனுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

"டேய், வாய மூடிக்கினு அப்படிக் குந்து."

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? மூணுல அறுவது போனா ரெண்டு நாப்பது. அந்த ரெண்டு நாப்பத யார் துன்றாங்க? அதான் என் கேள்வி."

ராஜமாணிக்கம் தராசின் முள் நிற்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: "நல்ல கேள்விதான் தம்பி. ஒருவாட்டி நீங்களே கொண்டுபோய் வித்துப் பாருங்க. நான் வேணான்னா சொல்லப் போறேன்?"

அவர் அப்படிச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. வேணு அதைச் சவாலாக எடுத்துக்கொண்டான். அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போதும், சாயங்காலம் டீ குடிக்கும்போதும், அடுத்த ஓய்வு நாளிலும் அதே பேச்சு. ரெண்டு நாப்பது, ரெண்டு நாப்பது. கஸ்தூரியின் புருஷன் அப்பாசாமி அதிகம் பேசாத மனுஷன். மூன்றாம் முறை மச்சான் ஆரம்பித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒருவாட்டி அனுப்பிட்டா இவன் அடங்குவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அடங்குவானாம். நாற்பது வயசில் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு நம்பிக்கை.

நான்கு சாக்கு நிரப்பினார்கள். சாக்குக்கு நாற்பது கிலோ, ஆக நூற்று அறுபது. சாக்கை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ராஜமாணிக்கம் வந்தால் சாக்கு அவருடையது. வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. அவர் வந்தால் வண்டியும் அவருடையது. லாரி ஏற்றும் இடத்தில் கூலி ஆள் சாக்கைத் தொடுவதற்கே காசு கேட்டான். கஸ்தூரி ஒவ்வொன்றையும் மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டாள். வேணு மெட்ராஸ் கொத்தவால்சாவடிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் பேசி வைத்திருந்தான். லாரி விடிவதற்கு முன்னால் போய்ச் சேரும், ஏலம் விடுவார்கள், இவன் பஸ் பாரீஸ் போய்ச் சேர்ந்ததும் நடந்துபோய்க் கணக்குச் சீட்டையும் பணத்தையும் வாங்கிக்கொள்வான் என்பது ஏற்பாடு.

மறுநாள் காலை அவன் தோட்டத்து வரப்பில் வந்த நடையே வேறு மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கஸ்தூரியின் கையில் வைத்தான்.

"எண்ணிப் பாருக்கா. நூத்திப் பதினஞ்சு ரூபா அம்பத்தாறு காசு. ராஜமாணிக்கம் எம்மாம் குடுத்திருப்பாரு? தொண்ணூத்தாறு. மிச்சம் யாருது? நம்மளுது!"

"சீட்டக் குடு."

"சீட்டு எதுக்கு? பணம்தான் கையில கீதே."

"குடுடா."

கஸ்தூரி ஐந்தாவது வரை படித்தவள். வாங்கிப் பார்த்தாள். எடை நூற்று நாற்பத்து நாலு என்று போட்டிருந்தது.

"நூத்தி அறுவது எங்க போச்சு?"

"சாக்குக்கு நாலு கிலோ கழிச்சிக்கிறாங்க. சாக்கு எடை, அழுகல், காய்ஞ்சு சுண்டறது, எல்லாம் சேத்து. எல்லாருக்கும் அப்படித்தானாம்."

"வெல ஒரு ரூபா பத்துப் பைசான்னு போட்டிருக்கு. மூணு ரூபான்ன?"

"மூணு ரூபா கடைல. இது மண்டி. அன்னிக்குன்னு வரத்து ஜாஸ்தி. ஆந்திராக் காயி வேற எறங்கிடுச்சு."

நூற்று ஐம்பத்தெட்டு ரூபாய் நாற்பது காசு. அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன், பதினைந்து எண்பத்து நாலு. இறக்குகூலி மூன்று ரூபாய். லாரி வாடகை சாக்குக்கு ஆறு என்று இருபத்து நாலு. போக மிச்சம்தான் வேணு கொண்டுவந்தது. கஸ்தூரி சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் தானே எழுதினாள். நாலு சாக்கு, பன்னிரண்டு ரூபாய். வண்டி ஆறு. ஏற்றுகூலி இரண்டு. ஆக இருபது. நூற்றுப் பதினைந்து ஐம்பத்தாறில் இருபது போனால் தொண்ணூற்றைந்து ஐம்பத்தாறு.

"தொண்ணூத்தாறு வர வேண்டிய எடத்துல தொண்ணூத்தஞ்சு அம்பத்தாறு வந்திருக்கு. நாப்பத்து நாலு பைசா நஷ்டம். ரெண்டு நாள் நானும் உங்க மாமாவும் ஓடனது வேற."

வேணு சீட்டை வாங்கி மூன்று முறை பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்கக் கஸ்தூரிக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எரிச்சல்தான் வந்தது. அதைவிட எரிச்சல், அவன் அடுத்துச் சொன்னது.

"அப்ப கோளாறு மண்டிலதான் கீது. மண்டி இல்லாம நேரா கடைக்குப் போவணும்."

அடுத்த வாரம் ராஜமாணிக்கம் வந்தபோது நடந்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நான் லாரி முழுசும் ஏத்தறேன்மா, சாக்குக்கு நாலு ரூபாதான் ஆவுது. காலிச் சாக்கு திரும்பி வந்துடுது. அதுலதான் எனக்குப் பத்துப் பைசா பாஞ்சு பைசா நிக்குது. வரத்து ஜாஸ்தியான அன்னிக்கு அதுவும் போவுது" என்றார். அதைக் கேட்டதும் கஸ்தூரிக்கு ஒரு விஷயம் உறைத்தது. மண்டியில் ஒரு ரூபாய் பத்து. கடையில் மூன்று ரூபாய். அப்படியென்றால் பெரிய இடைவெளி தோட்டத்துக்கும் மண்டிக்கும் நடுவில் இல்லை. மண்டிக்கும் அந்தக் கடைசித் தராசுக்கும் நடுவில் இருக்கிறது. ஏழு மைல் தூரத்தில் ஒரு ரூபாய் தொண்ணூறு பைசா. அதை யார் தின்கிறார்கள்?

வேணுவின் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வி மாடு அசைபோடுகிற மாதிரி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் ஒரு கூடை கத்திரிக்காயைப் பறித்துக்கொண்டு, தம்பியின் பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிக் கிளம்பிவிட்டாள். லக்கேஜுக்குத் தனி டிக்கெட். அக்கா என்று அவன் சலுகை காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

சைதாப்பேட்டை நடைபாதையில் கடை போட்டிருந்தவள் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால் இவளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இவள் தங்கினாள். நன்றாகவே தங்கினாள். அடி அண்ணாமலையிலிருந்து கட்டிக்கொடுத்து மெட்ராஸ் வந்து முப்பது வருஷம் ஆகிறது. கஸ்தூரிக்குச் சின்னம்மா முறை.

"வேணு அக்காவா நீ? வா, இப்படி நெழல்ல குந்து. அவன் பஸ்ஸ நிறுத்தற அரை நிமிசத்துல ஆயிரம் கணக்கு கேக்கறான். நான் ஏவாரத்தப் பாக்கறதா, அவனுக்குப் பதில் சொல்றதா?"

கஸ்தூரி அன்றைக்கு முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஈ ஓட்டினார்கள். நாலு மணிக்கு மேல் ஆபீஸ் விட்டு வருகிறவர்களால் கூட்டம் சேர்ந்தது. கஸ்தூரி கொண்டுவந்த கூடையை மண்ணாங்கட்டி அப்படியே கோணிமேல் கொட்டினாள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்து குந்தி, ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். முள் குத்தியதும் விரலை உதறினாள். ஆனாலும் விடவில்லை. அரைக் கிலோ பொறுக்கக் கால் மணி நேரம். பொறுக்கியதெல்லாம் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பிஞ்சுக் காய். முழுசாக எண்ணெய்யில் போட்டு வதக்குகிற காய். அடுத்து வந்தவளும் அதையேதான் பொறுக்கினாள். அதற்கடுத்தவளும்.

இது என்ன கூத்து என்று கஸ்தூரிக்கு ஆத்திரமாக வந்தது. அதே செடி, அதே தண்ணி, இரண்டு நாள் முன்னால் பறித்தால் பிஞ்சு, பின்னால் பறித்தால் பெரிசு. தோட்டத்தில் எல்லாம் ஒரே அறுபது பைசா. எடை கூடட்டும் என்று பெரிதாக விட்டுத்தான் பறிப்பார்கள். இங்கே அந்தப் பெரிய காயைத் தொடுவாரில்லை. ஆறு மணிக்குள் பிஞ்சு தீர்ந்தது. பெரிய காய் குவியலாக அப்படியே கிடந்தது. ஏழு மணிக்கு மண்ணாங்கட்டி, "கிலோ ஒரு ரூபா, கிலோ ஒரு ரூபா" என்று கத்த ஆரம்பித்தாள்.

"மூணு ரூபான்னு சொன்னானே சின்னம்மா. மண்டில ஒன்னு பத்துதான். நடுவுல ஒன்னு தொண்ணூற யார் துன்றாங்க?"

"மூணு ரூபா பொறுக்கன காய்க்குடி. மண்டில நான் இந்தக் கலவையத்தான் எடுக்கறேன். வண்டிக்கூலி எல்லாம் சேத்து ஒன்னு நாப்பது ஆயிடுது. இருவது கிலோல சொத்தையும் முத்தலும் அஞ்சு கிலோ போயிடும். அது இப்படி ஒரு ரூபாய்க்கு. எடத்துக்குக் காசு. மழ வந்தா மொத்தமும் போச்சு. அந்த ஒன்னு தொண்ணூறத் துன்றது நானில்ல, இந்தக் குவியல் துன்னுது."

கஸ்தூரி குவியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீ பொறுக்க வேணாம். சொத்தை இல்லாம, வெறும் பிஞ்சா, நானே பொறுக்கிக் கொண்டாந்தா?"

மண்ணாங்கட்டி தராசைக் கீழே வைத்தாள். "எல்லாமே பிஞ்சாவா? இன்னா வெல கேப்ப?"

"ரெண்டே கால்."

"ரெண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் இருவது கிலோ. பக்கத்துக் கடைக்காரிக்கும் இருவது சொல்லி வெக்கறேன். அதுக்கு மேல ஒரு கிலோ அனுப்பாத, இங்க துன்றவங்க வயிறு அவ்ளோதான்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கஸ்தூரி நன்றாகக் கேட்டுக்கொண்டாள். ஊருக்கு வந்து தம்பியிடமும் சொன்னாள், அவன் காதில்தான் அது ஏறவில்லை.

தோட்டத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிப் பறித்தாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பறிப்பு. பொறுக்குவதற்கென்றே ஒரு பெண்ணை நாலு ரூபாய் கூலிக்கு வைத்தாள். இரண்டு கூடை, ஈர வைக்கோல் பரப்பி மேலே வேப்பந்தழை. விடியற்காலை அப்பாசாமி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவார். லக்கேஜ் டிக்கெட் ஆறு ரூபாய், ஏற்ற இறக்க நாலு, பஸ் ஸ்டாண்டு வரை வண்டிக்கு இரண்டு. ஒன்றரைக் கிலோ சுண்டும், அதற்கு மூன்று ரூபாய். எண்பது ரூபாயில் அறுபத்தைந்து கைக்கு வந்தது. அதே நாற்பது கிலோவுக்கு ராஜமாணிக்கம் இருபத்து நாலு கொடுத்திருப்பார்.

நாற்பத்தோரு ரூபாய் லாபம் என்று வேணு குதித்தான். இந்த ஆளோடு பேசவே முடியாது. ஏனென்றால் மிச்சம் அறுபது கிலோ பெரிய காயை எடைபோட வந்த ராஜமாணிக்கம் குவியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ண நோண்டி எடுத்துட்டு மூஞ்ச எனக்கு விக்கறியாம்மா?" என்று கேட்டு நாற்பத்தைந்து பைசாதான் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதில் ஒன்பது ரூபாய் போயிற்று. பொறுக்குகூலி நாலு போயிற்று. பிஞ்சாகப் பறிப்பதால் குறைந்த எடையைக் கழித்தால், ஒரு தடவைக்கு இருபத்தைந்துக்கு மேல் தேறவில்லை. ஆனால் அந்த இருபத்தைந்து நிஜமான இருபத்தைந்து. மூன்று வாரம் ஒழுங்காக வந்தது. பம்பு செட்டுக்குப் புது பெல்ட் வாங்கினாள். மண்வெட்டிக்குப் பூண் போட்டாள். அப்பாசாமி ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போது, கேட்காமலே அவளுக்குக் கால் கிலோ அல்வா வாங்கி வந்தார்.

நாலாவது வாரம் அப்பாசாமி திரும்பி வந்து, "இன்னிக்கி பஸ் மேல நாலு கூடை" என்றார்.

"நம்மது ரெண்டுதானே?"

"நம்மது ரெண்டு. மேலத்தெரு ஆளுது ரெண்டு. அதுவும் பிஞ்சு."

கஸ்தூரிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. மறுநாள் வேணு வந்ததும் கேட்டாள். அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"நான்தான் சொன்னேன். டீக்கடையில கேட்டாங்க. நம்ம ஜனங்கதானேக்கா? நாலு பேரு நல்லா இருந்தா இன்னா?"

"நாலு பேரு நல்லா இருக்கட்டும்டா. அந்த ரோட்ல விக்கற பிஞ்சு நாப்பது கிலோதான்னு அந்தம்மா சொன்னது உன் காதுல வுழலயா?"

"மெட்ராஸ்ல அம்பது லட்சம் ஜனம் கீதுக்கா!"

"அந்த அம்பது லட்சமும் மண்ணாங்கட்டி கடைக்கா வருது?"

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதுதான் அவளை அதிகமாகக் கொதிக்க வைத்தது. திருடினான் என்றால் திட்டலாம். ஏமாற்றினான் என்றால் சண்டை போடலாம். நல்லது செய்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கூரைக்கு நெருப்பு வைக்கிறவனை என்ன செய்வது?

அதற்கடுத்த வாரம் ஏழு கூடை. அதற்கும் அடுத்த வாரம் பதினொன்று. பஸ் கூரையில் பெட்டி வைக்க இடமில்லை என்று பிரயாணிகள் சண்டை போட்டார்கள். சைதாப்பேட்டையில் கூடைகளை இறக்கப் பத்து நிமிஷம் ஆகிறதென்று வேணுவுக்கு மேலே இருந்து மெமோ வந்தது. கூடைகள் வந்து குவிந்ததும் நடைபாதைக்காரிகள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி ஒன்றரை என்றாள். இன்னொருத்தி ஒன்று இருபது என்றாள். இத்தனை நாள் இரண்டு கொடுத்த மண்ணாங்கட்டியும், பக்கத்துக் கடைக்காரி ஒன்று இருபதுக்கு வாங்கி விலையைக் குறைத்து விற்கிறாள், தான் மட்டும் இரண்டு கொடுத்துக் கட்டுப்படாது என்று சொல்லி அனுப்பினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ராஜமாணிக்கமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஊரில் உள்ள பிஞ்சு எல்லாம் பஸ் ஏறிப் போனால் அவருக்கு மிஞ்சுவது முத்தல்தான். ஒருநாள் சாக்கோடு நிறையக் கூடைகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பிஞ்ச தனியா எடுத்துக்கறேன்மா. கிலோ தொண்ணூத்தஞ்சு. பெருசு அம்பது. கூடை என்னுது, வண்டி என்னுது."

கஸ்தூரி நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள். ஒன்று இருபதுக்கு நாற்பது கிலோ, நாற்பத்தெட்டு. செலவு பன்னிரண்டு, சுண்டல் இரண்டு. கைக்கு முப்பத்து நாலு. கிலோவுக்கு எண்பத்தைந்து பைசா. இவர் வாசலுக்கே வந்து தொண்ணூற்றைந்து தருகிறார்.

"எடுத்துக்குங்க" என்றாள்.

ஊரில் மற்றவர்களும் அதையேதான் செய்தார்கள். இரண்டே வாரத்தில் பஸ் கூரை பழையபடி காலியாயிற்று. தை மாதத்தில் அறுபது பைசாவுக்குப் போன பிஞ்சுக் காய்க்குப் பங்குனியில் தோட்டத்திலேயே தொண்ணூற்றைந்து. மேலத்தெரு ஆள் டீக்கடையில் வேணுவுக்கு மாலை போடாத குறை. "கண்டக்டர் தம்பி இல்லன்னா ராஜமாணிக்கம் வெல ஏத்தியிருப்பாரா?" என்று ஊரே பேசியது. வேணுவும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டான். சைதாப்பேட்டை வெயிலில் நாள் முழுக்கக் குந்தி, எந்தக் காய் போகிறது எந்தக் காய் நிற்கிறது என்று பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. விரலில் முள் குத்திய தழும்பைத் தடவிக்கொண்டு கஸ்தூரி அதையும் கேட்டுக்கொண்டு போனாள். அவளுக்கும் பிஞ்சில் கிலோவுக்கு முப்பத்தைந்து பைசா கூடத்தான் கிடைக்கிறது. அப்படி இருக்க எதற்கு இவ்வளவு கோபம் என்று அப்பாசாமி கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

பங்குனி கடைசியில் ஒரு கார்டு வந்தது. மண்ணாங்கட்டி யாரிடமோ சொல்லி எழுதியிருந்தாள். கூடை கூடையாக அனுப்பினவர்கள் மேலே பிஞ்சை வைத்து அடியில் முத்தலைப் போட்டு அனுப்பியதாகவும், இப்போது மண்டியில் பிஞ்சு என்று விற்கிற கூடைகளிலும் பாதிக்குப் பாதி சொத்தை என்றும், கண்ணாடிக்கார அம்மாள் தினமும் வந்து பழைய காய் எங்கே என்று கேட்டுவிட்டு வாங்காமல் போவதாகவும் எழுதியிருந்தது. 'உன் காய் என்றால் ஒன்று எழுபத்தைந்து தருகிறேன். பக்கத்துக் கடைக்காரியும் தருவாள். சீசன் முடிகிற வரைக்கும் அதே விலை. நாற்பது கிலோவுக்கு மேல் வேண்டாம்.'

கஸ்தூரி கார்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். எழுபது ரூபாய். பன்னிரண்டும் மூன்றும் போனால் ஐம்பத்தைந்து. ராஜமாணிக்கத்துக்குப் போட்டால் முப்பத்தெட்டு. பதினேழு ரூபாய் வித்தியாசம். பழைய மாதிரி இல்லை. ஆனால் கூடையைக் கொட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று ஒருத்தி நம்புகிறாள். அதற்குத்தான் அந்தப் பதினேழு.

ராஜமாணிக்கத்திடம் நேராகவே சொன்னாள். "வாரத்துல மூணு நாள் நாப்பது கிலோ பிஞ்சு எனக்கு வேணும். மிச்சம் எல்லாம் உங்களுக்குத்தான். வெலையக் கொறைக்கக் கூடாது."

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "யாருக்கும் சொல்லாம இருப்பியாம்மா?"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க டீக்கடையில சொல்லாம இருங்க, அது போதும்."

அவர் முதல் முறையாக அவளிடம் வாய்விட்டுச் சிரித்தார்.

வேணுவின் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் இன்னொரு மெட்ராஸ் பஸ் கிளம்புகிறது. அதில் கண்டக்டர் ராமகிருஷ்ணன். டிக்கெட் கிழிப்பதைத் தவிர எதற்கும் வாய் திறக்காத மனுஷன். இரண்டு கூடையும் அவன் பஸ்ஸில் ஏறியது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து அப்பாசாமி கையில் கொடுத்தான்.

சித்திரையில் ஒரு ஓய்வு நாளில் வேணு சாப்பிட வந்தான். கத்திரிக்காய் வதக்கலில் மூன்றாவது முறை கை வைத்துக்கொண்டே அக்காவுக்கு வியாபாரம் விளக்கினான்.

"இந்தக் கத்திரிக்கா சமாச்சாரம் முடிஞ்சுபோச்சுக்கா. தோட்டத்து வெலையும் பட்டணத்து வெலையும் கிட்ட வந்துடுச்சு. இனிமே அதுல யாருக்கும் ஒன்னும் நிக்காது. நான் நல்லா கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அப்பாசாமி தண்ணீர்ச் சொம்பை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு குடித்தார்.

"ஆமாண்டா. இன்னா நிக்கப் போவுது?" என்றாள் கஸ்தூரி. அவன் தட்டில் இன்னும் இரண்டு காயை வைத்தாள். முத்தல் காய்.